பழைய மாடியில் சூரியத் தகடு: ஏற்றும் முன் எடை பார்ப்போம்

சூரிய மின்சக்திக் கடனுக்காக வரும் விண்ணப்பங்களோடு நிறுவனங்களின் விலைப்புள்ளியும் இணைந்து வருகிறது. அதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "தகடுகளின் எடை சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோ மட்டுமே, எந்தக் கூரையும் தாங்கும்." வீட்டுக்காரர் அதைப் படித்து நிம்மதி அடைகிறார். மாடியில் நான்கு பேர் நின்று பேசினால் அதைவிடக் கனமல்லவா என்று தமக்குள் சொல்லிக்கொண்டு கையொப்பமிடுகிறார். வீட்டுக்கடனுக்காகக் கட்டடங்களை மதிப்பிடும் பொறியாளர்களாகிய நாங்கள் அந்த வரியைப் பொய் என்று சொல்லமாட்டோம். முதற்பாதி உண்மைதான். ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகள் வெயிலும் மழையும் தாங்கிய ஒரு தளத்தைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை என்பதே எங்கள் கருத்து.

பழைய கூரையைப் பொறுத்தவரை கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள். அந்தத் தளத்தின் மேல் ஏற்கெனவே என்னென்ன சுமை ஏறியிருக்கிறது? காற்று அடிக்கும்போது தகடுகளைப் பிடித்துவைப்பது எது? தளத்துக்குள் இருக்கும் கம்பி இன்னும் கம்பியாக இருக்கிறதா? தகட்டின் எடை இவற்றுக்கெல்லாம் பின்னரே வருகிறது. எங்கள் பணியில் நாங்கள் காணும் வீடுகளின் இயல்புகளை ஒன்றுசேர்த்து, ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்க முயல்கிறோம்.

அந்த வீடு மேற்கு தில்லியில் 1979-இல் கட்டப்பட்டதாகக் கொள்வோம். இரண்டு அடுக்கு. மேல்தளத்தின் பெரிய அறை 3.6 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்டது. அதன் கூரை 11 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம். நடுவில் உத்தரம் கிடையாது. நான்கு பக்கமும் செங்கல் சுவர். கட்டியவர் காலமாகிவிட்டார். வரைபடங்கள் இல்லை. இப்போது மகன், பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றை நிறுவ விரும்புகிறார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய அத்திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்குக் கடன் கேட்கிறார். மாடியில் கோடை மாலைகளில் உட்காரும் பழக்கம் உள்ள குடும்பம் என்பதால், ஆள் நடமாடும் உயரத்தில் கால்களை நிறுத்தி அதன்மேல் தகடுகளைப் பொருத்தித் தருவதாக நிறுவனம் சொல்கிறது.

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். அந்த மாடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

தில்லியிலும் சுற்றியுள்ள மாநிலங்களிலும் அக்காலத்தில் கட்டிய மாடிகளில் கான்கிரீட் தளத்தின் மேல் வெப்பத்தைத் தடுப்பதற்காக மண்ணும் வைக்கோலும் கலந்து மிதித்துப் பரப்புவார்கள். அதற்கு மட் ஃபுஸ்கா என்று பெயர். அதன்மேல் செங்கல் ஓடு பதிப்பார்கள். நம் ஊரில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதிப்பதைப் போன்றதே இது. பத்து சென்டிமீட்டர் மண் சதுர மீட்டருக்குச் சுமார் 160 கிலோ. நான்கு சென்டிமீட்டர் ஓடு மேலும் 75 கிலோ. ஆக 235 கிலோ. வீட்டைக் கட்டிய பொறியாளர் இதை எதிர்பார்த்தே தளத்தை வடிவமைத்திருப்பார். அதோடு, மனிதர்கள் நடமாடும் மாடிக்கென்று ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரவிதி சொல்லும் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமையையும் அவர் சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்.

ஆனால் வீடு அதோடு நின்றுவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து மழைநீர் ஒழுகத் தொடங்கியது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குப் பதிலாக, பழைய ஓட்டின் மேலேயே ஐந்து சென்டிமீட்டர் சிமெண்ட் கான்கிரீட்டை ஒருவர் போட்டுவிட்டுப் போனார். அதன் எடை சதுர மீட்டருக்கு 120 கிலோ. மனிதர்களுக்கென்று ஒதுக்கிய 150 கிலோவில் 120 கிலோவை அந்தப் புதிய அடுக்கே விழுங்கிவிட்டது. மிஞ்சியது முப்பது கிலோ. பழுது பார்த்தோம் என்று வீட்டார் நினைத்த அந்த வேலை, தளத்தின் சேமிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துச் செலவழித்துவிட்டது. வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பாராமல் காசோலை எழுதுவோர் இல்லை. மாடியின் இருப்பைப் பார்ப்போரோ மிகக் குறைவு.

இந்த அடுக்குகளை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லமுடியாது. மழைநீர் வெளியேறும் குழாய்வாயின் அருகே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேலடுக்கை வெட்டிப் பார்த்தால் எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்பது தெரிந்துவிடும். பார்த்த பின் அந்த இடத்தை நீர்க்கசிவு இல்லாமல் அடைத்துவிடலாம். அரைமணி நேர வேலை. எங்கள் அனுபவத்தில் இந்த ஒரு வெட்டு சொல்லும் செய்தியை வேறு எந்தக் கருவியும் அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை.

அடுத்து, ஏறப்போகும் சுமை. 540 வாட் தகடு ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர். எடை 28 கிலோ அளவில் இருக்கும். மூன்று கிலோவாட்டுக்கு ஆறு தகடுகள் போதும். பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர், எடை 168 கிலோ. உயரக் கால்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்த இரும்பு அமைப்பு ஏறத்தாழ 250 கிலோ. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு கான்கிரீட் பீடம். ஒரு கன அடி பீடம் ஒன்று 65 கிலோ வரும். ஆறு பீடங்களுக்கு 390 கிலோ. எல்லாம் கூட்டினால் 800 கிலோவுக்குச் சற்று மேல். அதைப் பதினைந்தரை சதுர மீட்டரால் வகுத்தால் 52 கிலோ கிடைக்கிறது. விலைப்புள்ளியில் சொன்ன பதினைந்து கிலோ என்பது தகட்டை மட்டுமே, அதுவும் சற்றே தாராளமாக, நிறுத்துச் சொன்ன எடை. அதைத் தூக்கிப் பிடிப்பவற்றையும் சேர்த்தால் எடை மூன்றரை மடங்காகிறது. எஞ்சியிருந்த முப்பது கிலோவை இது தாண்டிவிட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தகடுகளைத் தரையோடு தாழ்வாகச் சாய்த்து வைத்தால், அந்த இடத்தில் மனிதர்கள் நிற்கமுடியாது. ஆகவே மனிதர்களுக்கென்று ஒதுக்கிய சுமையில் பெரும்பகுதியைத் தகடுகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்தாலோ, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போரின் எடையும் இருக்கும், மேலே தகடுகளின் எடையும் இருக்கும். இரண்டையும் கூட்டியே பார்க்கவேண்டும். உயர்ந்த அமைப்பை விரும்புவோர், தாம் வாங்குவது நிழலை மட்டுமல்ல, கூடுதல் சுமையையும் என்பதை அறிந்து வாங்கவேண்டும்.

இப்போது காற்று. எடையைப் பற்றிக் கேட்பவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பது அரிது. ஆனால் சூரியத் தகட்டுக்கு மிகப்பெரிய சுமை காற்றே. தில்லிக்கு இந்தியத் தரவிதி குறிக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 47 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அது 50. பெங்களூருக்கு 33 மட்டுமே. ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க, சில வினாடிகளே நீடிக்கும் வீச்சு இது. மே மாதப் புழுதிப்புயலைக் கண்ட தில்லிவாசிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

47 மீட்டர் வேகத்தின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 135 கிலோ வரும். சுற்றியுள்ள கட்டடங்கள் காற்றைச் சற்றுத் தடுப்பதால் குறைத்து, எளிய கணக்குக்காக 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பதினைந்தரை சதுர மீட்டருக்கு 1,550 கிலோ. இது காற்றின் திசையைப் பொறுத்து மேல்நோக்கியும் தூக்கும், கீழ்நோக்கியும் அழுத்தும். மேல்நோக்கித் தூக்கும்போது, அமைப்பின் மொத்த எடையான 810 கிலோ அதைப் பிடித்துவைக்கப் போதாது. மிச்சம் 740 கிலோ இழுவையை போல்ட்டுகள் தாங்கவேண்டும். கீழ்நோக்கி அழுத்தும்போது 810-ம் 1,550-ம் சேர்ந்து 2,360 கிலோவாகிறது. அது சதுர மீட்டர் கணக்கில் பரவி இறங்குவதில்லை. ஆறு கால்களின் வழியே இறங்குகிறது. ஒரு காலுக்கு ஏறக்குறைய 390 கிலோ. காற்றை நேராக எதிர்கொள்ளும் ஓரக்கால்களுக்கு இன்னும் அதிகம். அத்தனையும் ஓர் அடிச் சதுரத்தில் வந்து நிற்கிறது.

அந்தக் கால் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கீழே சுவர் இருக்கும் இடத்தில் நின்றால் 390 கிலோவைச் சுவர் பொருட்படுத்தாது. அறையின் நடுவே, தளம் இயல்பாகவே வளைய விரும்பும் இடத்தில் நின்றால், அதே 390 கிலோ வேறு பொருள் கொள்கிறது. சராசரி எடையைச் சொல்லும் எந்த விலைப்புள்ளியும் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே, வாடிக்கையாளர்கள் முதலில் கேட்கவேண்டிய தாள் ஒன்றுண்டு: மாடியின் வரைபடத்தில் கீழ்த்தளச் சுவர்களைக் கோடிட்டு, அதன்மேல் ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தைப் புள்ளியிட்ட தாள். அதைத் தரமுடியாத நிறுவனம் உங்கள் மாடியை இன்னும் பார்க்கவில்லை என்றே பொருள்.

காற்றுக்கு அஞ்சி இரண்டு வழிகளில் விடை தேடுகிறார்கள். பழைய மாடியில் அவை இரண்டுமே தவறக்கூடும்.

ஒன்று, மாடியில் துளையிடாமல் கான்கிரீட் பாளங்களை மட்டும் அடுக்கித் தகடுகளை அமுக்கிவைப்பது. துளை இல்லை, ஆகவே ஒழுகாது என்று இதை விற்கிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 1,550 கிலோ தூக்குவிசையை எடையால் மட்டுமே வெல்ல வேண்டுமானால், பாதுகாப்புக்கு ஒன்றரை மடங்கு வைத்து 2,300 கிலோவுக்குமேல் மாடியில் இருக்கவேண்டும். சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதாவது, மாடியில் மனிதர்களுக்கென்று விட்டிருந்த இடம் முழுவதையும் பாளங்கள் எடுத்துக்கொள்கின்றன. வலுவான புதிய தளத்தில், தாழ்வான சாய்வில், காற்று குறைந்த ஊரில் இது நல்ல முறை. நாம் எடுத்துக்கொண்ட வீட்டில், தளத்தைக் காப்பதாகச் சொல்லும் முறையே தளத்துக்குப் பகையாகிறது.

மற்றொன்று போல்ட். துளையிட்டு, போல்ட்டை இறக்கி, முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் நம் வீட்டின் மாடியில் கான்கிரீட் தளத்தைத் தொடுவதற்கு முன் ஐந்து சென்டிமீட்டர் புதிய அடுக்கு, நான்கு சென்டிமீட்டர் ஓடு, பத்து சென்டிமீட்டர் மண் ஆகியவற்றைக் கடக்கவேண்டும். பத்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும் போல்ட் மண்ணிலேயே நின்றுவிடும். அன்று அது இறுக்கமாகவே தோன்றும். மேலுள்ள சிமெண்ட் அடுக்கு பிடித்துக்கொள்வதால் கையால் ஆட்டினாலும் ஆடாது. புயல் அடிக்கும் நாளில் அந்த மேலடுக்கையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு எழும். அதுவரை ஒவ்வொரு துளையும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். நனைந்த மண் மேலும் கனமாகி, தளத்தை ஓயாமல் ஈரமாக வைத்திருக்கும்.

இதை வீட்டுக்காரரே கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. டிரில் இயந்திரம் ஓடும்போது வெளிவரும் தூளைப் பாருங்கள். கான்கிரீட்டில் துளையிட்டால் சாம்பல்நிறத் தூள் வரும். இயந்திரம் கடினமான ஜல்லியில் மோதித் தயங்கும். முதலில் சாம்பல், பிறகு செம்மை, அதற்குப் பிறகு பழுப்பு மண் வந்து, துரப்பணம் சட்டென்று எளிதாக இறங்கினால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். தட்டோடும் செங்கல் ஜல்லியும் பதித்த நம் ஊர் மாடிகளுக்கும் இதே சோதனை பொருந்தும்.

மூன்றாவது கேள்வி தளத்தின் உள்ளே இருப்பது. அதற்கு மாடிக்கு ஏறவேண்டாம். கீழே அறைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். கான்கிரீட் தளத்தைத் தாங்கும் கம்பி அதன் அடிப்பக்கத்தில், ஒன்றரை சென்டிமீட்டர் பூச்சுக்குள் இருக்கிறது. ஈரமும் காற்றும் அதை எட்டினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கீழுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் தோன்றும். பிறகு பழுப்புக் கறை. பிறகு அப்பகுதி உப்பும். ஒரு கழியால் மெல்லத் தட்டினால், நல்ல இடத்தில் இறுகிய ஓசையும், பிரிந்த இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியது போன்ற ஓசையும் கேட்கும். கடைசியாகத் துண்டு விழுந்து கம்பி வெளியே தெரியும்.

கம்பி தெரிந்த இடத்தில் மெல்லச் சுரண்டி, எஞ்சியிருக்கும் விட்டத்தை அளக்கவேண்டும். பத்து மில்லிமீட்டர் கம்பி சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கரைந்து எட்டு மில்லிமீட்டரானால், கண்ணுக்கு அது பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. தளத்தின் வலிமையும் அங்கே ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. வெள்ளையடித்து மறைத்த கூரையிலும், பொய்க்கூரை போட்ட அறையிலும் இவை எதுவும் தெரியாது. அலங்காரப் பலகையைக் கழற்றிப் பார்க்க வீட்டுக்காரர் தயங்குவார். நாங்களோ அதைக் கழற்றாமல் சான்று தருவதில்லை.

தளம் தொங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே, கூரையை ஒட்டி ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் தளம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அளக்கவேண்டும். 3.6 மீட்டர் அகலத்துக்குப் பதினான்கு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் கவலைப்படக் காரணம் உண்டு. பூச்சுவேலையின் மேடுபள்ளமும் இந்த அளவில் கலந்திருக்கும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

இந்தப் பார்வையில் ஐயம் எழுந்தால் கட்டமைப்புப் பொறியாளர் கருவிகளோடு வருவார். கம்பியின் இடத்தையும் பூச்சின் கனத்தையும் காந்த முறையில் அறியும் கருவி ஒன்று. கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியை அளக்கும் சுத்தியல் ஒன்று. அவற்றைவிட எளியது, புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் ஃபினாப்தலீன் கரைசலைத் தெளிப்பது. கம்பியைக் காக்கும் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். அதை இழந்த இடம் நிறம் மாறாமல் இருக்கும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை சென்றிருந்தால், இன்று துரு தெரியாவிட்டாலும் ஈரம் சேரும் நாளில் அது தொடங்கிவிடும். வரைபடமே இல்லாத தளத்தில், பொறியாளர் தேவையெனக் கருதினால் பாரச்சோதனையும் செய்வதுண்டு. கணக்கிட்ட நடமாட்டச் சுமையின் ஒன்றேகால் மடங்கை 24 மணி நேரம் ஏற்றிவைத்து, இறக்கிய பின் அடுத்த 24 மணி நேரத்தில் வளைவில் முக்கால் பங்காவது மீள்கிறதா என்று பார்ப்பது அது. கீழே முட்டுக்கொடுத்து, பொறியாளர் முன்னிலையில் செய்யவேண்டிய சோதனை. மணல்மூட்டைகளை வைத்து வீட்டார் தாமே செய்துபார்க்கும் சோதனை அல்ல.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. குளியலறைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் துரு என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்யலாம்? தகடு வேண்டாம் என்று சொல்லவேண்டியதே இல்லை. முதலில், பின்னாளில் போட்ட அந்த ஐந்து சென்டிமீட்டர் அடுக்கை எடுத்துவிடலாம். அந்த அறையின் மேலிருந்து மட்டும் இரண்டு டன் இறங்கிவிடும். ஏறப்போகும் சூரிய அமைப்பின் எடையைப்போல் இரண்டரை மடங்கு அது. அடுத்து, கால்களை அறையின் நடுவே நிறுத்தாமல், சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்தரங்களைப் போட்டு, அவற்றின்மேல் நிறுத்தலாம். அப்போது தகடுகளின் எடையும் காற்றின் அழுத்தமும் சுவர்களுக்குச் செல்லும். தளத்துக்குப் பங்கே இல்லை. உத்தரம் அமரும் இடங்களில் மட்டும் ஓட்டையும் மண்ணையும் வெட்டி எடுத்து, கான்கிரீட்டுக்குள் போல்ட்டை இறக்கி, அதைச் சுற்றிப் பீடம் வார்த்து, நீர்க்காப்புப் பூச்சைப் பீடத்தின் மேல்வரை ஏற்றி முடிக்கலாம். துருவேறிய இடத்தைச் சீர்செய்து, ஒழுக்குக்கான காரணத்தை நீக்கலாம். செலவு கூடுகிறது, ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதி, தகடு வைக்காவிட்டாலும் இந்த வீடு கேட்டிருக்கும் செலவே.

கான்கிரீட் அல்லாத பழைய கூரைகளுக்கு எங்கள் கருத்து இன்னும் உறுதியானது. பழைய தில்லியின் இரும்புச் சட்டமும் கற்பலகையும் சேர்ந்த கூரை, ராஜஸ்தானின் நீண்ட கற்பட்டைக் கூரை, சென்னையின் பழைய வீடுகளில் தேக்கு விட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் ஆகியவற்றின் மேல் நேரடியாகக் காலை ஊன்றவோ துளையிடவோ கூடாது. கற்பலகை, கான்கிரீட்டைப் போல வளைந்து எச்சரித்துவிட்டு உடைவதில்லை, திடீரென்று முறியும். தேக்கு விட்டத்தின் முனை சுவருக்குள் மக்கியிருப்பது வெளியே தெரிவதில்லை. இங்கெல்லாம் சுவர்மேல் அமரும் இரும்புச் சட்டமே வழி. அதற்கும் சுவரின் நிலையைப் பார்த்தாகவேண்டும்.

இத்தனை சோதனைகளும் மக்களைத் தயங்கச் செய்யும், சூரிய மின்சாரம் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்று சொல்வோர் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் எல்லாச் சோதனையும் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்குட்பட்ட கான்கிரீட் தளம், வரைபடம் கையில், அடிப்பக்கம் சுத்தம், தாழ்வான அமைப்பு, கால்கள் சுவர்மேல் என்றால், பொறியாளர் ஒருமுறை கண்ணால் பார்த்தாலே போதும். தளம் பழையது, மேலே அடுக்குகள் ஏறியது, அமைப்பு உயரமானது என்ற மூன்றும் ஒன்றுசேரும் வீட்டிலேயே கணக்கும் சோதனையும் தேவை. அங்கும், பார்ப்பவர் தகடு விற்கும் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக்கூடாது. விற்பனை நடந்தால்தான் வருவாய் என்றிருப்பவர் "வேண்டாம்" என்று சொல்வது கடினம். பொறியாளருக்கான கட்டணத்தை வீட்டுக்காரரே கொடுப்பது நல்லது. அப்போது அவர் வீட்டுக்காரருக்காகப் பார்ப்பார்.

வங்கிகளிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வீடு என்றால், கடன் மனுவோடு ஒரே ஒரு பக்கத்தில் கூரைச் சான்று கேட்கலாம். கூரையின் வகையும் வயதும், மேலுள்ள அடுக்குகளின் கனம், அடிப்பக்கத்தின் நிலை, கால்கள் நிற்கும் இடங்கள், ஒரு காலுக்கு இறங்கும் சுமையும் ஏறும் இழுவையும், கையொப்பமிட்ட பொறியாளரின் பெயரும் அதில் இருந்தால் போதும். தேவைப்படும் கூரைப் பழுதின் செலவையும் அதே கடனில் சேர்த்துக்கொள்ள இடமளித்தால், வீட்டுக்காரர் அதை மறைக்கமாட்டார், தள்ளிப்போடவும் மாட்டார்.

இதில் வங்கிக்கும் நலன் உண்டு. தகடுகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் திறன் உத்தரவாதம் பொதுவாக இருபத்தைந்து ஆண்டு. கடன் பத்து ஆண்டு வரை நீளக்கூடும். கீழிருக்கும் தளமோ இன்னும் ஐந்தாண்டில் பெரிய பழுதைக் கேட்கும் நிலையில் இருக்கலாம். அப்போது தகடுகளைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் ஏற்றவேண்டும். அத்தனை நாளும் மின்சாரம் வராது. தவணை மட்டும் வரும். கூரை இடிந்து விழுந்த செய்திதான் நாளேட்டில் வருகிறது. இந்த இழப்பு எந்த நாளேட்டிலும் வருவதில்லை, ஆனால் இதுவே அடிக்கடி நேர்கிறது.

ஆகவே, விலைப்புள்ளி கைக்கு வந்ததும் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு விடுமுறை நாள் காலையில் மேல்தள அறையில் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். பிறகு மாடியேறி, குழாய்வாயருகே ஒரு வெட்டுவெட்டி அடுக்குகளை எண்ணச் சொல்லுங்கள். கால்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் தாளைக் கேளுங்கள். இம்மூன்றையும் ஒரு பொறியாளரிடம் காட்டிய பின் கடன் மனுவில் கையொப்பமிட வாருங்கள்.